பிழை விழுக்காடு சைபர் என்றால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது

இந்த முறையும் செய்முறைத் தேர்வில் அதே கதைதான். தனி ஊசல் சோதனை, ஒரு பேட்ச் முழுக்க புவியீர்ப்பு முடுக்கம் g = 9.8, பிழை விழுக்காடு 0. ஒரு பையனின் அட்டவணையைப் பார்த்தேன். 100 செ.மீ. நீளத்துக்கு 20 அலைவுகளின் நேரம் முதல் முயற்சியில் 40.14 விநாடி, இரண்டாம் முயற்சியிலும் 40.14. அடுத்து 80 செ.மீ.க்கு 35.90, 35.90. 60 செ.மீ.க்கு 31.09, 31.09. கடைசிக் கட்டத்தில், நீளத்தை அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்த L/T² மூன்று வரிசையிலும் 24.83.

கையில் நிறுத்துக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தும் எவருக்கும் இப்படி வராது. திரையில் நூறில் ஒரு பங்கு விநாடி வரை தெரியும், ஆனால் விரல் அவ்வளவு துல்லியம் கிடையாது. தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் சேர்த்து 0.2 விநாடி முன்பின் போவது சாதாரணம். அது 40 விநாடியில் அரை விழுக்காடு. T-ஐ வர்க்கப்படுத்தும்போது அது ஒரு விழுக்காடு ஆகிவிடும். அதனால் ஒழுங்காகச் செய்தவரின் கடைசிக் கட்டத்தில் 24.6, 24.9, 24.7 என்று கொஞ்சம் சிதறித்தான் இருக்கும். எல்லாமே 24.83 என்றால் அந்தப் பையன் ஊசலைத் தொடவே இல்லை, 9.8-ஐ வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட்டிருக்கிறான். இன்னொரு விஷயம்: தமிழ்நாட்டில் g-யின் மதிப்பு ஏறக்குறைய 9.78. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சற்றுக் குறைவு. 9.8 என்பது முழுமைப்படுத்திய எண். ஆக, அவன் கொண்டுவந்த ‘பிழையே இல்லாத’ விடைக்கும் 0.2 விழுக்காடு பிழை இருக்கிறது.

பிள்ளைகளைத் திட்டி என்ன செய்வது? பிழை விழுக்காடு குறைந்தால் மதிப்பெண் கூடும் என்று சொல்லிக்கொடுத்தது நாம்தான். அது மதிப்பெண் அல்ல. சோதனையில் எங்கே, எந்தப் பக்கமாகத் தவறு நடந்தது என்று காட்டும் எண் அது. அதை அழித்துவிட்டால் சோதனையில் கற்றுக்கொள்ள மிச்சம் ஒன்றுமில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் ‘சார், எரர் ஜாஸ்தி வந்தா மார்க் போயிடுமே’ என்றுதான் பதில் வருகிறது.

சரி, எண் எப்படிப் பேசும் என்று பாருங்கள். அளந்த மதிப்பிலிருந்து உண்மை மதிப்பைக் கழித்து, உண்மை மதிப்பால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். வகுக்க வேண்டியது உண்மை மதிப்பால், அளந்த மதிப்பால் அல்ல. கழித்து வரும் குறியையும் வைத்துக்கொள்ளுங்கள். மட்டுக்குறி போட்டுக் குறியைத் தூக்கி எறியும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. பாதித் தகவல் அந்தக் கூட்டல், கழித்தலில்தான் இருக்கிறது.

ஒரு மாணவிக்கு g = 10.84 வந்தது. பிழை +10.8 விழுக்காடு. அழுகிற மாதிரி நின்றாள். நான் அட்டவணையைப் பார்க்காமலே, ‘குண்டை விட்டதும் ஒன்று என்று எண்ணினாயா?’ என்று கேட்டேன். ஆமாம் என்றாள். விடும்போது ஒன்று என்று தொடங்கினால், இருபது என்று சொல்லி நிறுத்தும்போது 19 அலைவுகளே முடிந்திருக்கும். அந்த நேரத்தை 20-ஆல் வகுத்தால் T குறைந்துபோகும், g கூடிவிடும். எவ்வளவு கூடும்? 20/19-இன் வர்க்கம், அதாவது 1.108. அவளுக்கு வந்ததும் அதே 10.8 விழுக்காடு. மாறாக 21 அலைவுகளை ஓடவிட்டு 20 என்று எண்ணித் தொலைத்தால் −9 விழுக்காட்டை ஒட்டி வரும். அவள் விடை தப்பு, ஆனால் அவள் எழுதியது நிஜமான அளவீடு. அதனால்தான் தப்பைப் பிடிக்க முடிந்தது.

ஒரு விழுக்காடு அளவில், அதுவும் கழித்தல் குறியோடு வந்தால் நீளத்தைப் பாருங்கள். நூலை மட்டும் அளந்து, குண்டின் ஆரத்தைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். ஆரம் 1 செ.மீ. என்றால், 100 செ.மீ. நூலுக்கு g 9.68 ஆகக் குறையும். 60 செ.மீ. நூலுக்கு அதே ஒரு சென்டிமீட்டர் பெரிய பங்கு ஆகிவிடுவதால் 9.62 வரை இறங்கும். ஆக, நீளம் குறையக் குறைய g-யும் குறைந்துகொண்டே வந்தால் ஆரத்தை மறந்துவிட்டார்கள் என்று நம்பலாம். இதற்கு L–T² வரைபடம் நல்ல மருந்து. கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாது, ஆனால் சாய்வு கெடாது. சாய்விலிருந்து g-ஐக் கண்டால் சரியாகவே வரும்.

அப்புறம், குண்டை ஆசையாக 30 பாகை வரை இழுத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அலைவு நேரம் 1.7 விழுக்காடு கூடும், g-யில் −3.4 விழுக்காடு பிழை வரும். ஊஞ்சல் ஆட்டவில்லையப்பா, ஊசல் ஆட்டுகிறோம். ஐந்து பாகை போதும்.

பிழை விழுக்காட்டையும் விழுக்காட்டு வேறுபாட்டையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு தலைவலி. உண்மை மதிப்பு நமக்குத் தெரிந்திருந்தால்தான் பிழை விழுக்காடு. இரண்டு பேர் அளந்த மதிப்புகளை ஒப்பிடுகிறோம், எது சரி என்று தெரியாது என்றால் வேறுபாடு. அங்கே இரண்டின் சராசரியால் வகுக்க வேண்டும். ஒருவருக்கு 9.62, இன்னொருவருக்கு 9.94 என்றால் வித்தியாசம் 0.32, சராசரி 9.78, வேறுபாடு 3.3 விழுக்காடு. இருவரில் ஒருவரை ‘உண்மை’ ஆக்கி அவர் மதிப்பால் வகுப்பது நியாயமில்லை.

வேறுபாடு குறைவாக இருந்தால் விடை சரி என்றும் அர்த்தமில்லை. ஒரே மேசையில் இரண்டு பேரும் ஆரத்தை விட்டுவிட்டால் இருவருக்கும் 9.68 வரும். வேறுபாடு சைபர், ஆனால் இருவருமே ஒரு விழுக்காடு கீழே. ‘அவனுக்கும் அதேதான் சார் வந்துச்சு’ என்பது ஆதாரம் ஆகாது.

தேர்வுக்குப் போகும் பிள்ளைகளே, குண்டை ஆடவிட்டதும் கடிகாரத்தை அழுத்தாதீர்கள். இரண்டு மூன்று அலைவுகள் ஓடட்டும். நடுநிலைக்கு நேராக மேசையில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். ஊசல் அந்த இடத்தில்தான் வேகமாகக் கடக்கும், அதனால் கடக்கும் கணம் துல்லியமாகத் தெரியும். ஓரத்தில் மெதுவாகி நின்று திரும்புவதால் அங்கே விரல் தடுமாறும். கோட்டைக் கடக்கும்போது ‘பூஜ்யம்’ என்று சொல்லித் தொடங்குங்கள். இரண்டாம் முயற்சியை எழுதும்போது முதல் எண்ணைப் பார்க்காதீர்கள். எழுதிய எண்ணை அழிக்கவே அழிக்காதீர்கள். தப்பென்று பட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புதிதை எழுதுங்கள்.

சக ஆசிரியர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்: ரெக்கார்டு நோட்டில் பிழை விழுக்காட்டுக்குக் கீழே ஒரு வரி காரணம் எழுதச் சொல்லுங்கள், மதிப்பெண்ணை அந்த வரிக்குக் கொடுங்கள். ‘+10.8, 19 அலைவுகளை 20 என்று எண்ணியிருக்கலாம், மறுபடி செய்தபோது −0.6’ என்று எழுதியவருக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். ‘மனிதத் தவறு’ என்று இரண்டே சொல்லில் முடித்தவருக்குப் போட மாட்டேன். எந்த மனிதர், என்ன தவறு என்று எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.