முதல் பீரியட் ஃப்ரீ யாருக்கு இருக்கோ, அவங்க தலையிலதான் சப்ஸ்டிடியூஷன்

வாரத்துக்கு எல்லாருக்கும் 26, 27 பீரியட்னு சமமா பிரிச்சுட்டா டைம்டேபிள் நியாயமா இருக்குன்னு பல பள்ளிகள்ல நினைச்சுக்கிறாங்க. நான் காரைக்குடி பக்கம் ஒரு ஹைஸ்கூல்ல டைம்டேபிள் பொறுப்பு பாக்குறேன். எத்தனை பீரியட் பாடம் எடுக்கிறோம்கிறதுல இங்க பெரிய சண்டை வர்றதில்ல. ஃப்ரீ பீரியட் எந்த நேரத்துல விழுது, அதை யாரு புடுங்கிக்கிறாங்க, மனக்கசப்பு எல்லாம் அதுலதான் வருது.

கணக்கை ஒரு தடவை போட்டுப் பாப்போம். ஆறுல இருந்து பத்து வரைக்கும், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு செக்‌ஷன், மொத்தம் 10 வகுப்பு. ஒரு நாளைக்கு 8 பீரியட், வாரம் 40. ஸ்டாஃப் 15 பேர். எந்த பீரியட்ட எடுத்தாலும் 10 பேர் வகுப்புல இருப்பாங்க, 5 பேர் ஃப்ரீயா இருப்பாங்க, இதை யாராலயும் மாத்த முடியாது. வாரத்துக்கு மொத்தம் 200 ஃப்ரீ, தலைக்கு சராசரியா 13.

இப்ப பாருங்க, பெரும்பாலான பள்ளிகள்ல அட்டெண்டன்ஸ் எடுக்கணும்னு கிளாஸ் டீச்சர் 10 பேருக்கும் தினமும் முதல் பீரியட் அவங்க வகுப்புலயே போட்டுடுவோம், அது நல்ல பழக்கம்தான், ஆனா அதனால மிச்சம் இருக்குற அதே 5 பேர் (பி.இ.டி. சார், ஓவிய டீச்சர் எல்லாம் இதுலதான் வருவாங்க) அஞ்சு நாளும் முதல் பீரியட் ஃப்ரீயா இருக்காங்க. காலைலதான் திடீர் லீவு போன் வரும், பெர்மிஷன் வரும், தேவகோட்டை பஸ் லேட்டுன்னு வரும். ஆக முதல் பீரியட் சப்ஸ்டிடியூஷன் முழுக்க இந்த 5 பேர் மேலதான். பதிமூணு ஃப்ரீல அஞ்சு அங்கயே போயிடுது, மிச்சம் எட்டுலயும் மறுபடி கூப்பிடுறோம். உங்க பள்ளில இது நடக்குதான்னு தெரிஞ்சுக்கணும்னா சப்ஸ்டிடியூஷன் நோட்ட எடுத்து ஒரு மாசத்துக்கு முதல் பீரியட் வரிசைய மட்டும் படிங்க, அதே நாலஞ்சு கையெழுத்துதான் திரும்பத் திரும்ப வரும்.

இதுக்கு நான் செய்றது, டைம்டேபிள் போடும்போதே ஸ்டாண்ட்-பையும் சேத்துப் போட்டுடுறது. ஒவ்வொரு பீரியட்லயும் ஃப்ரீயா இருக்குற 5 பேர்ல ரெண்டு பேர் பேருக்கு நேரா ஒரு சின்ன வட்டம், முதல் பீரியடுக்கு மட்டும் மூணு பேர். ஒரு நாளைக்கு 17, வாரத்துக்கு 85, ஒருத்தருக்கு 5 இல்லன்னா 6. வட்டம் போட்ட பீரியட்ல கூப்பிடலாம், வட்டம் இல்லாத மிச்ச ஏழெட்டு ஃப்ரீ நோட்டு திருத்தவும் பாடக்குறிப்பு எழுதவும் அவங்களோடது, அவசியம் இல்லாம தொடக்கூடாது. அந்த 5 பேருக்கு முதல் பீரியட்லயே ஆளுக்கு மூணு வட்டம் வந்துடும், அதனால மத்த நேரத்துல ரெண்டு மூணுக்கு மேல கிடையாது. இப்படிப் பண்ணாலே பாதி குறை சரியாயிடும்.

ஆனா முகூர்த்த நாள்ல இது பத்தாது. எங்க ஊர்ப்பக்கம் ஆவணி மாசம் வந்தா கல்யாணப் பத்திரிகை ஸ்டாஃப் ரூம் மேஜைல அடுக்கி இருக்கும், மாசி பங்குனில முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்குறவங்க லீவு. அப்படி ஒரு முகூர்த்த நாளை எடுத்துக்குவோம். கணக்கு டீச்சர், தமிழ் ஐயா, சயின்ஸ் சார் மூணு பேரும் லீவு. அவங்களுக்கு அன்னைக்கு 6, 5, 6 பீரியட், மொத்தம் 17. ஸ்டாண்ட்-பையும் 17தானே, சரியாப் போச்சேன்னு தோணும். போகாது. தமிழ் ஐயா ரெண்டாவதுலயும், கணக்கு டீச்சர் ஆறாவதுலயும், சயின்ஸ் சார் எட்டாவதுலயும் ஸ்டாண்ட்-பை, அவங்களே லீவுன்னா அந்த மூணும் போச்சு. நாலாவதுலயும் ஏழாவதுலயும் மூணு பேருக்குமே வகுப்பு, அங்க வட்டம் ரெண்டுதான். எட்டாவதுல ஒரே வகுப்புதான் காலி, மிச்சம் இருக்குற ஒருத்தர் போதும். கூட்டிப் பாத்தா 13 பீரியட் வட்டத்துலயே முடிஞ்சிடுது. ரெண்டு, நாலு, ஆறு, ஏழு, இந்த நாலு பீரியட்ல பீரியடுக்கு ஒருத்தர் வட்டத்துக்கு வெளில இருந்து வேணும்.

இந்த நாலுக்கு யாரை அனுப்புறதுன்னு முடிவு பண்ணத்தான், யாரு எத்தனை சப்ஸ்டிடியூஷன் பாத்தாங்கன்னு எழுதி வைக்கிற நோட்டு. நாலாவது பீரியட எடுத்துக்கங்க, வட்டம் இல்லாம ஃப்ரீயா மூணு பேர் இருக்காங்க. ஒருத்தருக்கு முன்னாடி மூணு பீரியடும் தொடர்ச்சியா வகுப்பு, இதையும் குடுத்தா காலைலேர்ந்து மத்தியானம் வரைக்கும் நின்னுகிட்டே இருப்பாங்க, அவங்கள விட்டுடணும். மிச்சம் இங்கிலீஷ் டீச்சரும் சோஷியல் சாரும். ஸ்கூல் திறந்து 52 வேலை நாள்ல சோஷியல் சார் 13 சப்ஸ்டிடியூஷன் பாத்திருக்கார். இங்கிலீஷ் டீச்சர் 11தான். எண்ணிக்கையப் பாத்தா டீச்சரைத்தான் அனுப்பணும். ஆனா டீச்சர் நடுவுல 16 நாள் மெடிக்கல் லீவுல இருந்தாங்க, வந்தது 36 நாள்தான். நாளுக்கு எத்தனைன்னு வகுத்தா சார் 0.25, டீச்சர் 0.31. போக வேண்டியது சார்தான். வெறும் எண்ணிக்கைய வச்சுப் போட்டா உடம்பு சரியில்லாம லீவு எடுத்தவங்க திரும்பி வந்ததும் அதைக் கடன் மாதிரி அடைக்கணும், அது ரொம்பத் தப்பு.

இதுக்கு சாஃப்ட்வேர் ஒண்ணும் வேணாம். எக்செல்ல B காலம்ல தேதி, C காலம்ல சப்ஸ்டிடியூஷன் போனவர் பேரு, அதே ஷீட்லயே கொஞ்சம் தள்ளி F காலம்ல ஸ்டாஃப் பேரு, G காலம்ல அவங்க எத்தனை நாள் வேலைக்கு வந்தாங்கங்கிற எண்ணிக்கை. H காலம்ல ரெண்டாவது வரில:

```
=COUNTIF(C:C,F2)/G2
```

இதைக் கீழ வரைக்கும் இழுத்து விட்டா போதும், யாரு குறைவா இருக்காங்களோ அவங்கதான் அடுத்து. ஓ.டி., ட்ரெயினிங்னு வெளில போன நாளையும் G-ல சேக்கக்கூடாது, அன்னைக்கு அவங்கள யாரும் கூப்பிட்டிருக்க முடியாதுல்ல.

நோட்டு சொல்லுதுன்னு கண்ண மூடிட்டும் போடக்கூடாது. ஒருத்தருக்கு ஒரே நாள்ல ரெண்டு சப்ஸ்டிடியூஷனுக்கு மேல வேணாம், அன்னைக்குள்ள கடைசி ஃப்ரீயப் புடுங்க வேணாம். ரெண்டு செக்‌ஷன சேத்து ஒரே ரூம்ல உக்கார வைக்கிறதும், மொத்தமா கிரவுண்டுக்கு அனுப்பிட்டு பி.இ.டி. சாரப் பாத்துக்கச் சொல்றதும் எனக்கு ஒப்பல. நோட்டுல ஒரு பீரியட் மிச்சமான மாதிரி தெரியும், ஆனா 80 புள்ளைங்கள ஒரே ஆள் பாக்குறாரு, அவருக்குக் கணக்குல ஒண்ணுதான் ஏறுது. வேற வழியே இல்லாம செஞ்சா அவருக்கு ரெண்டுன்னு எழுதுங்க.

நாலஞ்சு மாசத்துக்கு அப்புறம் புதுசா ஒருத்தர் வந்து சேர்ந்தா இன்னொரு சிக்கல். அவங்க பேருல ஒண்ணுமே இல்ல, ஆக எல்லாரையும் விட அவங்கதான் கீழ இருப்பாங்க, நோட்டு தினமும் அவங்களையே காட்டும். வந்த மொத வாரம், புள்ளைங்க பேருகூடத் தெரியாது, பாவம் வகுப்பு வகுப்பா ஓடிகிட்டு இருப்பாங்க. அதனால சேரும்போதே அன்னைக்கு ஸ்டாஃப் சராசரி என்னவோ அதையே அவங்க பேருல ஏத்திடணும், சராசரி 0.25ன்னா 20 நாள், 5 சப்ஸ்டிடியூஷன்னு. G-ல 20 கூட்டிடுங்க, C-ல அவங்க பேர அஞ்சு தடவ எழுதி பக்கத்துல ஆரம்பக் கணக்குன்னு குறிச்சு வைங்க. மெட்டர்னிட்டி லீவு முடிஞ்சு வர்றவங்களுக்கு இது தேவைப்படாது, பழைய நாளும் பழைய எண்ணிக்கையும் அப்படியே இருக்கும், விட்ட இடத்துல இருந்து தொடரலாம். ஜூன்ல மட்டும் எல்லாருக்கும் அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிங்க.