அணியும் தொடுப்புப் பட்டியலும்

நிரலாக்கத்தில் தரவுகளை நினைவகத்தில் அடுத்தடுத்து வைக்கும் அமைப்பு 'அரே', தமிழில் அணி. ஆங்கில 'அரே' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒழுங்காக நிறுத்துவது என்பது அதன் பொருள். போருக்கு நிற்கும் படைவரிசைக்கும் அதுதான் சொல், அலங்கார உடைக்கும் அதுதான். நம் 'அணி'யைப் பாருங்கள்: படையணி ஒரு பக்கம், அணிகலன் இன்னொரு பக்கம். இவ்வளவு கச்சிதமான இணை கலைச்சொற்களில் அபூர்வமாகத்தான் அமையும். பள்ளிக் கணிதத்தில் 'அணி' என்றால் மேட்ரிக்ஸ் என்பது மட்டும் சின்ன இடைஞ்சல்.

'லிங்க்டு லிஸ்ட்' வயதில் இளையது. 1950களின் நடுவில் நியூவெல், ஷா, சைமன் மூவரும் தங்கள் நிரல்மொழிக்காக இதை உருவாக்கினார்கள். பலரும் 'இணைப்புப் பட்டியல்' என்கிறார்கள். நான் 'தொடுப்புப் பட்டியல்' என்பேன். இணைப்பு என்றால் பக்கத்தில் ஒட்டியிருப்பதாகவும் தோன்றிவிடும். இங்கே தரவைத் தாங்கும் ஒவ்வொரு கணுவும் நினைவகத்தில் எங்கோ கிடக்கிறது. அடுத்தது எங்கே என்று சொல்லும் சுட்டிதான் அவற்றைத் தொடுக்கிறது.

சரி, எப்போது எது? நடுவில் நிறையச் செருக வேண்டுமென்றால் தொடுப்புப் பட்டியல் என்று பாடத்தில் படித்திருப்போம். வரிசைப்படுத்திய ஒரு லட்சம் முழு எண்களில் புது எண் ஒன்றைச் செருகிப் பார்ப்போம். எண்ணுக்கு 4 பைட் என்றால் அணியின் மொத்த அளவு 400 கிலோபைட். எந்த உறுப்பின் முகவரியும் ஒரே கணக்கில் கிடைப்பதால் இருமத் தேடல் 17 ஒப்பீட்டுக்குள் இடத்தைக் காட்டிவிடும். அப்புறம் சராசரியாக 50,000 எண்களை ஓரிடம் தள்ள வேண்டும். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் அது 200 கிலோபைட்டை நேர்கோட்டில் நகலெடுப்பதுதான். செயலிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்தான் கேச்; பரவலாக உள்ள 64 பைட் கேச் வரி ஒன்றில் 16 எண்கள் சேர்ந்தே வரும், அடுத்த வரியை வன்பொருளே முன்கூட்டிக் கொண்டுவந்துவிடும். சில பத்து மைக்ரோ நொடிகளில் வேலை முடியும்.

பட்டியலில் செருகல் இரண்டு மூன்று சுட்டிகளை மாற்றுவதுதான். ஆனால் அந்த இடத்துக்குப் போகவே சராசரியாக 50,000 கணுக்களைத் தாண்ட வேண்டும். ஒரு கணுவைப் படித்த பிறகுதான் அடுத்ததன் முகவரி தெரியும் என்பதால் செயலி காத்துக் கிடக்கும். 64 பிட் கணினியில் 4 பைட் எண்ணோடு 8 பைட் சுட்டிகள் இரண்டும் நிரப்பு பைட் நான்கும் சேர்ந்து கணு 24 பைட்டாவது வேறு. கேச்சில் தவறினால் ஒவ்வொரு தாவலும் 100 நானோ நொடியை நெருங்கும். எல்லாமே தவறினால் 5 மில்லி நொடி.

ஆக, 'செருகல் மலிவு' என்பது கணு ஏற்கெனவே கையில் இருந்தால் மட்டுமே உண்மை. அப்படிப்பட்ட வேலைகளும் இருக்கின்றன. நெடுநாள் தொடாததை முதலில் தூக்கியெறியும் மென்பொருள் கேச்சைத் தொடுப்புப் பட்டியலாக வைத்திருந்தால், ஹாஷ் அட்டவணை கணுவின் முகவரியை நேராகத் தந்துவிடும். அதை உருவி முன்னால் வைத்தால் போதும். மற்றவை எதுவும் நகராது, அட்டவணையில் இருக்கும் முகவரிகளும் செல்லுபடியாகும். அதையே அணியில் செய்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் அட்டவணையில் ஆயிரக்கணக்கான இடங்களைத் திருத்த வேண்டியிருக்கும்.