மெயில் வருகிறது, காலண்டரில் மட்டும் காணோமே, ஏன்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பிடோக்கில் வீட்டுக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் தெரிந்த அக்கா ஒருவர் தன் புது ஐபோனை என் முன்னால் வைத்துவிட்டு, "தீபாவளி தெரியுது தம்பி, என் மீட்டிங் மட்டும் தெரியல" என்றார். பதினைந்து வருடங்களாகச் சின்ன அலுவலகங்களுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுப்பவன் நான். இந்தக் குறையை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அக்கா பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறார், மாலையில் ஒரு துணைப்பாட நிலையத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார். அன்று காலை 10 மணிக்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்கு ஸூமில் நேர்காணல் இருந்திருக்கிறது. அழைப்பு மெயில் போன வாரமே வந்துவிட்டது, அவரும் படித்திருக்கிறார், காலண்டரில்தான் தானாக ஏறிவிடுமே என்று விட்டுவிட்டார். 10:20க்கு அவர்கள் ஃபோன் பண்ணி "வரலைங்களா?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. துணைப்பாட நிலையத்தின் வாராந்தர ஆசிரியர் கூட்டமும் அதே மாதிரி இரண்டு தடவை கண்ணில் படாமல் போயிருக்கிறது.

இப்படி வருபவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "மெயில் ஒழுங்கா வருது, அப்போ அக்கவுண்ட் சரியாத்தான இருக்கு?" இல்லை. மெயில் ஒரு வழியில் வருகிறது, காலண்டர் வேறு வழியில் வருகிறது. இரண்டும் ஒரே ஜிமெயில் முகவரிக்குச் சொந்தம் என்றாலும் ஃபோனுக்குள் நுழைய இரண்டு தனித்தனிக் கதவுகள், ஒன்று திறந்திருப்பதால் மற்றதும் திறந்திருக்கும் என்று அர்த்தமில்லை. அலுவலக மெயிலை ஐமேப் முறையில் ஃபோனில் சேர்த்தவர்களுக்கும் இதே கதைதான், ஏனென்றால் ஐமேப் மெயிலை மட்டும்தான் கொண்டுவரும், காலண்டரைத் தொடவே தொடாது.

ஃபோனைத் தொடும் முன் நான் ஒரு சோதனை செய்வேன், நீங்களும் இதையே முதலில் செய்யுங்கள். அழைப்பு மெயிலைத் திறந்து, அது உங்களுடைய எந்த முகவரிக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் கணினியில், அதே முகவரியில் உள்நுழைந்து calendar.google.com போய்ப் பாருங்கள். அங்கே அந்த மீட்டிங் இருந்தால் குறை ஃபோனில். அங்கேயும் இல்லை என்றால் ஃபோனை எவ்வளவு நோண்டினாலும் பலன் இல்லை, குறை அக்கவுண்டின் அமைப்பில் இருக்கிறது. இந்தப் பிரிவினையைச் செய்யாமல் ஆப்பை அழித்து மறுபடி போட்டு, ஃபோனை ரீசெட் வரைக்கும் கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன் (அப்படிச் செய்ததில், ஃபோனிலேயே மட்டும் சேமித்து வைத்திருந்த குறிப்புகளை இழந்தவர்களும் உண்டு).

அக்காவின் மடிக்கணினியில் பார்த்தோம். ஆசிரியர் கூட்டம் இருந்தது. நேர்காணல் இல்லை. ஆக, ஒரே ஃபோனில் இரண்டு வெவ்வேறு நோய்.

முதலில் ஃபோன் பக்கம். ஐபோனில் அக்கா மெயில் படிப்பது ஜிமெயில் ஆப்பில். காலண்டர் பார்ப்பது ஐபோனோடு வந்த Calendar ஆப்பில். ஜிமெயில் ஆப்புக்குள் நீங்கள் உள்நுழைந்தது அந்த ஆப்புக்கு மட்டும்தான், அதனால் ஐபோனின் Calendar ஆப்புக்கு உங்களுக்கு ஒரு கூகுள் அக்கவுண்ட் இருக்கிறது என்பதே தெரியாது. Settings > Apps > Calendar > Calendar Accounts போய்ப் பார்த்தால் ஐகிளவுட் மட்டும் இருந்தது. பழைய ஐஓஎஸ் என்றால் இது Settings > Calendar > Accounts என்று இருக்கும். சாம்சங்கிலிருந்து ஐபோனுக்கு மாறியவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன், ஏனென்றால் ஆண்ட்ராய்டில் கூகுள் அக்கவுண்டை ஃபோனிலேயே சேர்த்திருப்பார்கள், மெயிலும் காலண்டரும் சேர்ந்தே வந்துவிடும், அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சரி, அப்படியானால் தீபாவளி எப்படித் தெரிந்தது? சிங்கப்பூர் விடுமுறைகள் என்பது ஐபோனே காட்டும் ஒரு சந்தா காலண்டர். அதற்கும் உங்கள் கூகுள் அக்கவுண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் திறந்ததும் ஏதோ நிறமாகத் தெரிவதால் காலண்டர் உயிரோடு இருக்கிறது என்று மனசு நம்பிவிடுகிறது. ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக இருந்திருந்தால் அக்கா முதல் வாரமே என்னிடம் வந்திருப்பார்.

Add Account தட்டி, Google தேர்ந்தெடுத்து, உள்நுழைந்ததும் மெயில், காண்டாக்ட்ஸ், காலண்டர் என்று வரிசையாகச் சுவிட்சுகள் வரும். மெயில் இரண்டு இடத்தில் வர வேண்டாம் என்று அதை அணைத்துவிட்டு, Calendars சுவிட்சை மட்டும் பச்சையாக்கினோம். ஏற்கெனவே அக்கவுண்ட் சேர்த்திருந்தும் காலண்டர் வரவில்லை என்பவர்கள் பார்க்க வேண்டியதும் இந்தச் சுவிட்சைத்தான்.

ஒரு நிமிடத்தில் பல் மருத்துவர் நேரம், பையன் பள்ளிக்கூட விஷயம் எல்லாம் வந்து உட்கார்ந்தன. ஆசிரியர் கூட்டம் மட்டும் வரவில்லை.

இதற்குக் காரணம் கொஞ்சம் ஒளிந்திருக்கும். அந்தக் கூட்டத்துக்கு அக்காவுக்குத் தனியாக அழைப்பு எதுவும் வரவில்லை. நிலையம் ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு அதை ஆசிரியர்கள் எல்லோருடனும் பகிர்ந்திருக்கிறது. இப்படி மற்றவர் பகிர்ந்த காலண்டர்கள் கூகுளின் தளத்தில் தெரிந்தாலும் ஐபோனின் Calendar ஆப்புக்குத் தானாக வராமல் நின்றுவிடும். எது எது போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்க கூகுளில் தனியாக ஒரு பக்கம் இருக்கிறது, சாதாரணமாகத் தேடினால் கண்ணில் படாது. உலாவியில் இந்த முகவரியை நேராகத் தட்டிப் போக வேண்டும்:

```
https://calendar.google.com/calendar/syncselect
```

அங்கே நிலையத்தின் காலண்டருக்கு டிக் போட்டு Save கொடுத்தோம். அப்புறம் ஃபோனில் Calendar ஆப்பின் அடியில் இருக்கும் Calendars என்பதைத் தட்டி, அந்தப் பட்டியலை விரலால் கீழே இழுத்துவிட்டால் புதுப்பித்துக்கொள்ளும். புதுப் பெயர் வந்தது, ஆனால் அதன் பக்கத்து வட்டத்தில் டிக் இல்லை. டிக் இல்லாத காலண்டர் ஃபோனுக்குள் வந்திருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. சிங்க் ஆவது வேறு, தெரிவது வேறு என்பதை அக்காவுக்கு அந்த வட்டத்தைக் காட்டித்தான் புரியவைக்க முடிந்தது. டிக் போட்டதும் வியாழக்கிழமை 7 மணியில் கூட்டம் பச்சையாக வந்து நின்றது.

ஆண்ட்ராய்டுக்காரர்கள் சும்மா இருக்க வேண்டாம், உங்களுக்கும் இதே இரண்டு அடுக்கு உண்டு. கூகுள் காலண்டர் ஆப்பில் மூன்று கோடுகளைத் தட்டினால் வரும் டிக் பெட்டிகள் தெரிவதற்கானவை. அதே மெனுவில் Settings போய், காலண்டரின் பெயரைத் தட்டினால் வரும் Sync சுவிட்ச்தான் ஃபோனுக்குள் கொண்டுவருவது. பெயரே பட்டியலில் இல்லை என்றால் அக்கவுண்டுக்குக் கீழே Show more என்று இருக்கும், அதைத் தட்டிப் பாருங்கள். அதற்கும் மேலே, ஃபோனின் சொந்த செட்டிங்ஸில் அக்கவுண்டைத் திறந்தால் காலண்டர் சிங்குக்கு இன்னொரு சுவிட்ச் இருக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை யாராவது அணைத்து வைத்திருப்பார்கள்.

இனி நேர்காணல். கணினியிலேயே இல்லாத அழைப்பு அது. கூகுள் காலண்டரின் Settings பக்கத்தில் Event settings பகுதியில் Add invitations to my calendar என்று ஒரு வரி உண்டு. அதில் மூன்று தேர்வுகள். From everyone என்றால் யார் அனுப்பினாலும் ஏறும். Only if the sender is known என்றால் தெரிந்தவர் அனுப்பினால் மட்டும் ஏறும். When I respond to the invitation in email என்றால் மெயிலில் நீங்கள் பதில் சொன்ன பிறகுதான். அக்காவுடையது நடுவில் இருப்பது. "நான் எதையும் மாத்தலையே" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, பரிசு விழுந்திருக்கிறது, ஐபோன் காத்திருக்கிறது என்று காலண்டரில் குப்பையாக வந்துகொண்டிருந்தபோது மகன் எதையோ மாற்றிக் கொடுத்தான் என்று ஞாபகப்படுத்திக்கொண்டார். மகன் செய்தது சரியான காரியம்தான். அதன் விலை என்ன என்று அம்மாவிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நேர்காணல் வைத்தவரோடு அக்காவுக்கு அதற்கு முன் மெயில் போக்குவரத்தே இல்லை, விண்ணப்பம் போனது ஒரு இணையப் படிவத்தில். அதனால் அவர் தெரியாதவர். மெயில் இன்பாக்ஸுக்கு வந்தது, காலண்டருக்குள் விடவில்லை. மெயிலின் மேலே இருக்கும் Yes பொத்தானை ஒரு தட்டு தட்டியிருந்தால் அப்போதே ஏறியிருக்கும்.

குப்பை திரும்ப வரும் என்ற பயத்தில் அந்த அமைப்பை மாற்ற வேண்டாம் என்றார் அக்கா. நானாக இருந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன். எல்லாம் சரியா என்று பார்க்க, என் ஜிமெயிலிலிருந்து மறுநாள் இரவு 8:15க்கு "தே குடிக்க வாங்க" என்று ஓர் அழைப்பு அனுப்பினேன். மெயில் டிங் என்று வந்தது. காலண்டரில் ஒன்றும் இல்லை. இழுத்துப் புதுப்பித்தோம், இல்லை. மடிக்கணினியிலும் இல்லை. ஒரு நிமிடம் எனக்கே வியர்த்துவிட்டது.

பிறகுதான் பொறி தட்டியது. அக்காவின் ஃபோனில் என் எண் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் தினமும் பேசுகிறோம், ஆனால் அந்தத் தொடர்புப் பட்டியல் இருப்பது ஐகிளவுடில். கூகுள் பார்ப்பது கூகுளின் சொந்தத் தொடர்புப் பட்டியலையும், அந்த முகவரியோடு முன்பு தொடர்பு இருந்ததா என்பதையும்தான். எட்டு வருடப் பழக்கத்தில் நான் அக்காவுக்கு ஒரு மெயில்கூட அனுப்பியதில்லை. ஆக நானும் தெரியாதவன்.

"அப்போ உன்னையே உள்ள விடலையா?" என்று சிரித்துக்கொண்டே அக்கா Yes தட்டினார். இன்னொரு தடவை பட்டியலைக் கீழே இழுத்தார். புதன்கிழமை 8:15ல் தே வந்து உட்கார்ந்தது.