மலையேறும் முன் டேங்கில் இருப்பது எந்த டீசல்?

குளிர்காலத்தில் மலையடிவாரப் பட்டறைகளுக்கு இழுத்துக்கொண்டு வரப்படும் டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை ஒன்றுதான். "காலையில செல்ஃப் அடிச்சதும் ஸ்டார்ட் ஆச்சு. பத்து நிமிஷம் ஓடுச்சு. அப்புறம் ஆக்ஸிலேட்டரை மிதிச்சாலும் இழுக்கல, அப்படியே நின்னுடுச்சு." அதற்குள் வழியில் யாரோ இன்ஜெக்டர் போய்விட்டது என்றிருப்பார், இன்னொருவர் பம்ப் என்றிருப்பார். டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் காகித மடிப்புகளுக்கு நடுவே வெளிர்மஞ்சள் நிறத்தில் பசைபோல ஒன்று அப்பியிருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் உடல் சூட்டிலேயே கரைந்து டீசலாகிவிடும். வண்டியில் எந்தப் பழுதும் இருக்காது.

"நல்ல பங்க்லதான் அடிச்சேன், ஊர்லயே ஃபுல் டேங்க் போட்டுட்டு வந்தேன்" என்பார் ஓட்டுநர். கோளாறு அந்த ஃபுல் டேங்கில்தான் இருக்கிறது. டீசல் கலப்படமானதல்ல, தரத்தில் குறைந்ததுமல்ல. வெப்பமான ஊருக்கென்று தயாரித்த டீசல் அது, அவ்வளவுதான்.

டீசலில் இயல்பாகவே மெழுகு உண்டு. பாரஃபின் என்ற இந்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் நன்றாக எரியக்கூடியவை. டீசல் எவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண்ணை உயர்த்துபவையும் இவைதான். அதனால் சுத்திகரிப்பு ஆலை அவற்றை முழுவதுமாக எடுத்துவிடுவதில்லை. சூடான நிலையில் அவை டீசலில் கரைந்தே இருக்கும். குளிரக் குளிர, குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் முதல் மெழுகுத் துகள்கள் பிரிந்து, தெளிவாக இருந்த டீசல் லேசாக மங்கும். அந்த வெப்பநிலைக்குத்தான் கிளவுட் பாயின்ட் என்று பெயர். அதற்கும் கீழே போனால் துகள்கள் தட்டைத் தட்டையாக வளர்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். டீசல் அப்போதும் ஊற்றினால் ஓடும். ஆனால் ஃபில்டரின் துளைகள் சில மைக்ரான் அளவே என்பதால் அங்கே மெழுகு படிந்து வழியை அடைத்துவிடும்.

ஆய்வகத்தில் பார்க்கும் இன்னொரு எண் CFPP, அதாவது குளிரில் ஃபில்டர் அடைபடும் வெப்பநிலை. டீசலைக் குளிர்வித்துக்கொண்டே, ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் 45 மைக்ரான் வலை வழியாக 20 மில்லிலிட்டரை லேசான வெற்றிடத்தில் உறிஞ்சிப் பார்ப்பார்கள். 60 வினாடிக்குள் அந்த அளவு வந்து சேராத வெப்பநிலைதான் CFPP. குளிர்கால டீசலில் சேர்க்கும் ஓட்ட மேம்படுத்திகள் மெழுகு பிரிவதைத் தடுப்பதில்லை. தட்டையாக வளரவிடாமல் பொடிப்பொடியான துகள்களாக வைத்திருக்கும். அந்தப் பொடிகளுக்கு இடையே டீசல் கசிந்து போய்விடும். எனவே CFPP நன்றாக இறங்கும், கிளவுட் பாயின்ட் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கும். ஐரோப்பியத் தரநிலையான EN 590-இன் கடுங்குளிர்ப் பிரிவுகளில் முதலாவதை எடுத்துக்கொண்டால், CFPP -20 டிகிரியாக இருக்க வேண்டும். கிளவுட் பாயின்ட் -10 வரை இருக்கலாம். பத்து டிகிரி இடைவெளி. பங்கில் "மைனஸ் இருபது டீசல்" என்றால் அதன் பொருள் -20 வரை தெளிவாக இருக்கும் என்பதல்ல.

இந்த இடைவெளி முக்கியமாவது வண்டி நிற்கும்போதுதான். ஓடும் வண்டியில் எஞ்சின் பயன்படுத்தாத டீசல் சூடாகி ரிட்டர்ன் லைன் வழியே டேங்குக்குத் திரும்பும். டேங்கும் மெல்லச் சூடேறும். அதனால் பகலில் எத்தனை உயரம் ஏறினாலும் பெரும்பாலும் பிரச்சினை வராது. இரவு முழுக்கத் திறந்தவெளியில் நிறுத்தும்போது டேங்க், பைப், ஃபில்டர் எல்லாமே வெளிக்குளிருக்கு இறங்கிவிடும். இரண்டு மூன்று நாள் நகர்த்தாமல் விட்டால் இன்னொன்றும் நடக்கும். பிரிந்த மெழுகுப் பொடிகள் டீசலைவிடக் கனமானவை என்பதால் மெதுவாக அடியில் படியும். உறிஞ்சுகுழாயும் டேங்கின் அடியில்தான் இருக்கிறது. CFPP எண்ணை நம்பி மலைவிடுதியில் மூன்று நாள் நிறுத்திவிட்டுக் கிளம்பும் வண்டிக்கு முதலில் கிடைப்பது மெழுகு செறிந்த அந்த அடி டீசல்தான். அதனால்தான், ஓடும் நாளுக்கு CFPP-ஐப் பாருங்கள், நிறுத்தி வைக்கும் நாட்களுக்குக் கிளவுட் பாயின்டைப் பாருங்கள் என்று சொல்வது என் வழக்கம்.

ஸ்டார்ட் ஆன வண்டி ஏன் பத்து நிமிடத்தில் நிற்கிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஃபில்டருக்கு அப்பால் பம்பிலும், இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிர்ந்து தரும் ரெயில் குழாயிலும் ஏற்கெனவே வடிகட்டப்பட்ட கொஞ்சம் டீசல் இருக்கும். ஐடிலிங்கில் அது போதும். வண்டி நகர்ந்து அதிக டீசல் கேட்கும்போது, டேங்கிலிருந்து வரும் மெழுகு ஃபில்டரில் அடுக்கடுக்காகப் படியும். முதலில் ஏற்றத்தில் இழுவை குறையும், பிறகு எஞ்சின் திணறி அணையும். சற்று நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகி, மறுபடி நிற்கும்.

இனி ஒரு பயணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டேங்க் 60 லிட்டர். சமவெளியில் பகல் 26 டிகிரி. அங்கே நிரப்பிய டீசலின் கிளவுட் பாயின்ட் +3 என்று வைத்துக்கொள்வோம். போக வேண்டிய இடம் 2,500 மீட்டர் மேலே. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதால், மேலே பகல் 10 டிகிரி. ஓட்டுநருக்கு இது பயமுறுத்தும் எண்ணே அல்ல. ஆனால் மேகமில்லாத இரவில் நிலம் வேகமாகக் குளிரும், கனத்த குளிர்காற்று சரிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். அங்கே விடியற்காலை -8 ஆவது சாதாரணம்.

சமவெளியில் ஃபுல் டேங்க் போட்டவர் 20 லிட்டர் செலவழித்து, மலை பங்கில் கிளவுட் பாயின்ட் -12 உள்ள குளிர்கால டீசலை 20 லிட்டர் சேர்க்கிறார். 40 லிட்டர் +3, 20 லிட்டர் -12. சராசரி -2. உண்மையில் அதுகூடக் கிடைக்காது. பழைய டீசலின் கனமான மெழுகு தன் பங்கைவிடக் கூடுதலாக ஆதிக்கம் செலுத்தும் என்பதால் இரண்டு டிகிரி கூட்டி 0 என்றே வையுங்கள். விடியற்காலை -8-இல் இந்த டேங்க் நிச்சயம் மெழுகு பிடிக்கும். அதே மனிதர் 10 லிட்டர் மட்டும் மிஞ்சும்படி வந்து 50 லிட்டர் சேர்த்திருந்தால் சராசரி -9.5, இரண்டைக் கூட்டினாலும் -7.5. மங்கத் தொடங்கும் எல்லையில் நிற்கும், ஓட்ட மேம்படுத்தி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மேலே பங்க் குறைவு என்று கீழேயே நிரப்பிக்கொண்டு போகும் பழக்கம் இந்தக் குளிரில் நேர் எதிராக வேலை செய்கிறது. குளிர்கால டீசல் விற்கும் முதல் பங்க் எது என்று கிளம்பும் முன்பே விசாரித்து, அங்கே சேரும்போது டேங்க் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்படி கணக்குப் போட வேண்டும். விற்பனை மந்தமான பங்கில் நிலத்தடித் தொட்டியில் குளிருக்கு முந்தைய சரக்கு மிச்சம் இருக்கலாம். லாரிகள் வரிசையில் நிற்கும் பங்க் மேல். நிரப்பியதும் அங்கேயே விடுதிக்குள் நுழைந்து நிறுத்திவிடாதீர்கள். டேங்கில் புது டீசல் இருந்தாலும் பைப்பிலும் ஃபில்டரிலும் பழையதுதான் இருக்கிறது. பதினைந்து இருபது கிலோமீட்டராவது ஓடினால்தான் அது மாறும்.

பயோடீசல் கலந்த டீசல் கிடைக்கும் ஊர்க்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசல் தனியாக இருந்தால் பத்து டிகிரிக்கும் மேலேயே மங்கிவிடும்; கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் பயோடீசல் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே வரை தாங்கும். கலப்பு விகிதம் ஏற ஏற, டேங்கின் கிளவுட் பாயின்டும் மேலே போகும்.

கடையில் விற்கும் ஓட்ட மேம்படுத்தி பயனுள்ளதுதான், ஆனால் நேரம் தப்பினால் வீண். மெழுகு பிரியும் முன்பே அது டீசலில் கரைந்திருக்க வேண்டும். மங்கிவிட்ட டீசலில் ஊற்றினால் ஏற்கெனவே வளர்ந்த துகள்களை அது ஒன்றும் செய்யாது. சமவெளியிலேயே, முதலில் மருந்தை ஊற்றி அதன்மேல் டீசல் அடிக்க வேண்டும். மண்ணெண்ணெய் சேர்ப்பது பழைய லாரிக்காரர்களின் வழி. பத்து சதவீதத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும். பதிலுக்கு டீசலின் வழவழப்பு குறையும். காமன் ரெயில் பம்புக்கு உயவு கொடுப்பதே அந்த வழவழப்புதான். பல நாடுகளில் சாலை வண்டிக்கு அது வரிக்குற்றமும்கூட. பெட்ரோல் மட்டும் எந்த அளவிலும் கலக்காதீர்கள். டேங்கில் உள்ள ஆவி தீப்பற்றும் தன்மைக்கு மாறிவிடும்.

காலையில் நின்றே போய்விட்டால், முதலில் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். டீசல் வராமல் சுழலும் பம்ப் உலர்ந்து தேய்ந்து, சிறு செலவைப் பெருஞ்செலவாக்கிவிடும். பிறகு ஃபில்டருக்குக் கீழே உள்ள வடிகாலைத் திறந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். மங்கலாக, கொழகொழவென்று இருந்து கைச்சூட்டில் தெளிந்தால் மெழுகு. அடியில் கெட்டியான, கண்ணாடி போன்ற மணிகள் இருந்து, உருகியதும் டீசலுக்குக் கீழே தனி அடுக்காக நின்றால் அது தண்ணீர். டீசல் எவ்வளவு நல்லதானாலும் அந்தத் தண்ணீர் 0 டிகிரியில் உறைந்து வழியை அடைக்கும். கிளம்பும் முன் நீர்ப்பிரிப்பானை வடித்திருந்தால் இந்த இரண்டாவது சிக்கல் வந்திருக்காது. குவளை தெளிவாக இருந்து செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் பேட்டரியைப் பாருங்கள்.

மெழுகுதான் என்றால் வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டரைச் சுற்றிப் போர்த்தலாம், மின் இணைப்புகளில் நீர் படாமல். தீப்பந்தம், அடுப்புக்கரி, டேங்குக்கு அடியில் நெருப்பு, எதுவும் கூடாது. அங்கேதான் பிரேக் பைப்பும் பிளாஸ்டிக் டேங்கும் இருக்கின்றன. ஃபில்டரை மட்டும் சூடாக்கிக் கிளம்பினால் டேங்கில் உள்ள மெழுகு அடுத்த வளைவிலேயே மறுபடி வந்து அடைக்கும். மெழுகு மறுபடி கரைய, டீசல் கிளவுட் பாயின்டைவிடப் பல டிகிரி மேலே போக வேண்டும். +3 டீசலுக்கு மதிய வெயிலின் 5 டிகிரி போதாது. வண்டியை மூடிய, சூடான கொட்டகைக்குள் தள்ளி, டேங்கும் சூடேறும்வரை பல மணி நேரம் விட்டு, புது ஃபில்டர் போட்டு, கைப்பம்பால் காற்றை வெளியேற்றிய பிறகு செல்ஃப் அடியுங்கள். வண்டி ஓடத் தொடங்கியதும் நேராகப் போக வேண்டிய இடம் குளிர்கால டீசல் பங்க்.