மழை குறுக்கிட்டால் பந்தயப் பணம் யாருக்கு?

2019 உலகக் கோப்பை, ஜூன் 16, மான்செஸ்டர். இந்தியா 50 ஓவரில் 336 ரன் எடுத்தது. பாகிஸ்தான் 35 ஓவரில் 6 விக்கெட்டுக்கு 166 ரன் எடுத்திருந்தபோது மழை கொட்டியது. ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது ஓவர்கள் 40 ஆகக் குறைந்திருந்தன. மழையால் ஓவர் குறையும்போது இலக்கைத் திருத்தும் டிஎல்எஸ் முறைப்படி இலக்கு 302. மிச்சமிருந்த 5 ஓவரில் 136 ரன் வேண்டும். பாகிஸ்தான் 212-இல் நின்றது, இந்தியா 89 ரன்னில் வென்றது.

பந்தயம் சட்டப்படி நடக்கும் இங்கிலாந்தில், இந்த ஆட்டத்தின் மீது கட்டிய பணத்தை நிறுவனங்கள் எப்படித் தீர்க்கும்?

'யார் ஜெயிப்பார்' என்ற பந்தயத்தில் சிக்கலே இல்லை. நடுவர்கள் அறிவிக்கும் முடிவுதான் நிறுவனத்துக்கும் முடிவு. மழை விடாமல் 35 ஓவரோடு ஆட்டம் முடிந்திருந்தாலும் இந்தியா மீது கட்டியவருக்கே பணம். ஒருநாள் போட்டியில் இரண்டாவதாக ஆடும் அணிக்கு 20 ஓவராவது கிடைத்திருந்தால் முடிவு அறிவிக்கலாம் (டி20-இல் 5 ஓவர்). டிஎல்எஸ் கணக்கில் அந்த நேரத்தில் சமநிலைக்குத் தேவையான ரன்னான பார் ஸ்கோருக்குப் பாகிஸ்தான் வெகுதூரம் பின்தங்கியிருந்தது.

'எத்தனை ரன்' என்ற பந்தயத்தில்தான் தகராறு வரும். பாகிஸ்தான் 260-ஐத் தாண்டாது என்று ஆட்டத்துக்கு முன்பே ஒருவர் கட்டியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். எடுத்தது 212தான். ஆனால் அவர் கட்டியது 50 ஓவர் ஆட்டத்தை நம்பி. டிஎல்எஸ் இலக்கைத்தான் மாற்றும். ஆடாத 10 ஓவரில் எத்தனை ரன் வந்திருக்கும் என்று சொல்லாது. அதனால் ஓவர் குறைந்தாலே இத்தகைய பந்தயத்தை ரத்து செய்யும் நிறுவனங்கள் உண்டு. பந்தயம் கட்டியபோது இருந்த ஓவர்களில் 80 சதவீதம் வீசப்பட்டால் போதும் என்று விதி வைத்திருப்பவையும் உண்டு. 50-இல் 40 என்பது சரியாக 80 சதவீதம்! ஆக, ஒரு கடையில் அவருக்கு வெற்றிப் பணம், இன்னொரு கடையில் கட்டிய பணம் மட்டும் திரும்பும். பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் விதியைப் படிக்காதவர்கள்தான் இந்த இடத்தில் ஏமாந்ததாக உணர்கிறார்கள்.

மழைக்கு முன்பே விடை தெரிந்துவிட்ட பந்தயங்களை மழை தொடாது. ரோகித் சர்மா சதம் அடிப்பார் என்று கட்டியவருக்கு, அவர் 140 எடுத்த பிறகு எது நடந்தாலும் பணம் உண்டு. இந்தியாவின் மொத்த ரன்னும் அப்படித்தான்: இலக்கு 302 ஆனாலும் இந்தியா எடுத்த 336 மாறாது.

ஒரு பந்துகூட வீசாமல் ஆட்டம் கைவிடப்பட்டால் வெற்றி தோல்வி மீது கட்டிய பணம் அப்படியே திரும்பிவிடும். அதே கோப்பையில் ஜூன் 13 அன்று நாட்டிங்காமில் இந்தியா, நியூசிலாந்து ஆட்டம் இப்படிப் போனது. பல ஆட்டங்களைக் கோத்துக் கட்டியிருந்தால், ரத்தான ஆட்டத்தின் விகிதத்தை, அதாவது ஜெயித்தால் கட்டிய பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்பதை, 1 என்று வைத்துப் பெருக்குவார்கள். 2, 1.5, 1.8 என்ற மூன்று விகிதங்களில் நடுவிலுள்ளது ரத்தானால், 5.4 மடங்கு கிடைக்க வேண்டியது 3.6 மடங்காகும், அதுவும் மற்ற இரண்டும் பலித்தால்.

ரிசர்வ் நாள் உள்ள ஆட்டத்தில் அவசரப்பட்டு ரத்து செய்ய மாட்டார்கள். ஜூலை 9 அன்று அரையிறுதியில் நியூசிலாந்து 46.1 ஓவர் ஆடியதோடு மழை நிறுத்தியது. மறுநாள் அதே இடத்திலிருந்து, ஓவர் குறையாமல் தொடர்ந்ததால் முந்தைய நாள் கட்டிய பந்தயங்களும் பொதுவாக அப்படியே தொடரும்.