அரைமணிக்கு ஒருமுறை எழும் டிஸ்க்

ஈசூனில் ஒரு வீவக வீட்டுக்கு நான் போனதற்குக் காரணம் மின் கட்டணம் அன்று, சத்தம். "இரவெல்லாம் இந்தப் பெட்டி விழித்துவிழித்துத் தூங்குகிறது, தம்பி. ஏழாவது நிமிடம், முப்பத்தேழாவது நிமிடம். நான் கடிகாரம் பார்த்துக் குறித்திருக்கிறேன்" என்றார் அந்த வீட்டு அக்கா. வீட்டுக் கணினி அமைப்புகளைப் பராமரிப்பது என் தொழில். இவ்வளவு துல்லியமான புகார் எனக்கு எப்போதாவதுதான் கிடைக்கும்.

அது லினக்ஸில் ஓடும், நான்கு டிஸ்க் கொண்ட ஒரு நாஸ் பெட்டி; வீட்டின் படங்களையும் கோப்புகளையும் சேமித்து வலையமைப்பு வழியாக எல்லாருக்கும் தரும். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று அவர் கணவர், பத்து நிமிடம் வேலையில்லாவிட்டால் டிஸ்க்குகள் சுழல்வதை நிறுத்திவிடும்படி வைத்திருந்தார். யோசனையில் தவறில்லை. 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சும்மா சுழல்வதற்கு ஏறத்தாழ 5 வாட் எடுக்கும், நின்றுவிட்டால் ஒரு வாட்டுக்கும் குறைவு. நான்கு டிஸ்க்குக்கும் சேர்த்து 16 வாட் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நின்ற டிஸ்க்கை மறுபடி சுழலவைக்க, பத்துப் பதினைந்து விநாடிக்கு 20 வாட் அளவில் தேவைப்படும். அந்தச் செலவு இரண்டு நிமிட ஓய்விலேயே ஈடாகிவிடும். ஆகவே மின் கணக்கு மட்டும் பார்த்தால் எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் டிஸ்க்குக்கு இன்னொரு கணக்கு உண்டு. எத்தனை முறை நின்று தொடங்கலாம் என்பதற்குப் பல டிஸ்க்குகளின் விவரத்தாளில் 50,000 என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணைத் தொட்டதும் டிஸ்க் செத்துவிடாது. தயாரித்தவர் அதுவரைக்கும்தான் கணக்குப் போட்டிருக்கிறார் என்று பொருள். ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் நாளுக்கு 27.

டிஸ்க்கை எழுப்பாமல் எண்ணிக்கையைப் படிக்க:

```
hdparm -C /dev/sda
smartctl -n standby -A /dev/sda
```

முதலாவது, டிஸ்க் தூங்குகிறதா என்று மட்டும் சொல்லும். இரண்டாவது, விழித்திருந்தால்தான் பட்டியலைக் காட்டும். அதில் Start_Stop_Count என்ற வரியைப் பாருங்கள். பதினான்கு மாதமே ஆன அந்த டிஸ்க்கில் 16,000-ஐத் தாண்டியிருந்தது. நாளுக்கு 38. இதே வேகத்தில் போனால் நான்கு ஆண்டு நிறைவதற்குள் 50,000 ஆகிவிடும்.

எழுப்பியது யார்? டிஸ்க்கின் நலத்தைக் கவனிக்கும் smartd-தான்! அது 1800 விநாடிக்கு ஒருமுறை டிஸ்க்கை விசாரிக்கும். தூங்குபவரை எழுப்பி 'நன்றாகத் தூங்குகிறீர்களா' என்று கேட்கும் கதை. மாலையில் குடும்பம் படம் பார்க்கும் ஐந்து மணி நேரம் போக, மீதி 19 மணி நேரமும் அரைமணிக்கு ஒருமுறை என்றால் சரியாக 38. அக்காவின் கடிகாரமும் பொய் சொல்லவில்லை.

/etc/smartd.conf கோப்பில் ஒரு வரியை மாற்றினேன்:

```
DEVICESCAN -n standby,q
```

தூங்கும் டிஸ்க்கை இனி அது தொடாது. அந்த q எதற்கு என்றால், 'சோதனையைத் தவிர்த்தேன்' என்று பதிவேட்டில் எழுதப்போய், அந்த எழுத்தே டிஸ்க்கை எழுப்பிவிடாமல் இருப்பதற்கு. மாலையில் டிஸ்க் தானாக விழித்திருக்கும்போது சோதனை நடந்துவிடும்.

அடுத்து, பத்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கினேன்:

```
hdparm -S 242 /dev/sda
```

இந்த எண் நிமிடமன்று. 240 வரை ஒவ்வொன்றும் ஐந்து விநாடி. 241 என்றால் அரைமணி, 242 என்றால் ஒரு மணி. பெட்டியை அணைத்துப் போட்டால் மறந்துவிடும் என்பதால் /etc/hdparm.conf கோப்பிலும் எழுதிவைத்தேன். சில டிஸ்க்குகள் இந்தக் கட்டளையை மதிப்பதே இல்லை. அவற்றுக்கு hd-idle என்ற நிரலைப் போடவேண்டியிருக்கும்.

எழுப்பும் நேரத்தையும் ஒன்றாக்கவேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு இருந்த கைப்பேசிப் படங்களின் காப்புநகலை இரவு 11 மணிக்கு, படம் பார்த்து முடிக்கும் நேரத்துக்கு, நகர்த்தினேன். டிஸ்க் அப்போது ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும், தனியாக எழுப்பவேண்டியதில்லை.

இப்போது நாளுக்கு இரண்டு மூன்று முறைதான் எழுகிறது, ஏறத்தாழ 18 மணி நேரம் தூங்குகிறது. முன்பு 38 முறை எழுந்தும் அதற்குக் கிடைத்த தூக்கம் 13 மணி நேரத்துக்கும் குறைவு. டிஸ்க்குகளை நிறுத்தாமலே சுழலவிடுவதோடு ஒப்பிட்டால் மாதம் எட்டரை யூனிட் மிச்சம்; யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் இரண்டரை வெள்ளி. அதைச் சொன்னபோது கணவருக்கு முகம் சற்று வாடியது. இரண்டு கோப்பிக்காகவா இவ்வளவு என்று நினைத்திருப்பார்.

கண்காணிப்புக் கேமரா இரவும் பகலும் அதே டிஸ்க்கில் பதிகிற வீட்டில் இந்த வேலைக்கே போகாதீர்கள். அங்கே டிஸ்க் நிற்க வழியே இல்லை.