பெயர் போட்டால் போதுமா? மேற்கோள்குறி எங்கே?

ஊட்டியில் ஒரு கல்லூரி நூலகத்தில் ஆய்வேடுகளை மென்பொருளில் ஏற்றி, பிற நூல்களோடு ஒத்துப்போகும் வரிகளைச் சிவப்பில் காட்டும் ஒப்புமை அறிக்கை எடுத்துத் தருவது என் வேலை. போன ஜூலையில், மழை விடாத ஒரு மத்தியானம், ஒரு மாணவி கண்கலங்க அறிக்கையோடு வந்தார். சீகை மரம் மலைப்புல்வெளிகளில் பரவுவது பற்றிய ஆய்வு. இரண்டாம் இயலில் பக்கம் பக்கமாகச் சிவப்பு. “சார், எல்லா இடத்திலும் ஆசிரியர் பெயர், வருஷம் போட்டிருக்கேனே. இது எப்படித் திருட்டாகும்?”

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டோம். மூலநூல் எதுவென்று தெரியாதபடி சற்று மாற்றித் தருகிறேன்: ‘சீகையை வெட்டிய இடத்தில், மண்ணுக்குள் காத்திருந்த விதைகள் அடுத்த மழைக்கே நூறு கன்றுகளாய்த் தலைநீட்டும்.’ அவர் இதை எழுத்து மாறாமல் எழுதி, முடிவில் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் 2009 என்ற ஆண்டும் கொடுத்திருந்தார்.

படிப்பவருக்கு அந்த அடைப்புக்குறி சொல்வது ஒன்றுதான்: இந்தத் தகவல் அந்த நூலில் கிடைத்தது. வாக்கியத்தை அமைத்தவர் யார் என்பதை அது சொல்லாது. மேற்கோள்குறி இல்லாததால் ‘காத்திருந்த விதைகள்’, ‘தலைநீட்டும்’ என்ற அழகெல்லாம் மாணவியின் கைவண்ணம் என்றே தேர்வாளர் நினைப்பார். கருத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, சொல்லை நம்முடையதாகக் காட்டுகிறோம். எழுத்துத் திருட்டு நடப்பது அங்கேதான்.

சரி, எப்படித் திருத்துவது? அதே சொற்கள் வேண்டுமென்றால் இரட்டை மேற்கோள்குறிக்குள் வைத்துப் பக்க எண்ணும் தர வேண்டும். ஏ.பி.ஏ. என்ற சான்று காட்டும் முறையில் 40 சொல்லோ அதற்கு மேலோ போனால் தனிப்பத்தியாக உள்தள்ளி எழுத வேண்டும். அங்கே உள்தள்ளலே குறியின் வேலையைச் செய்யும். கருத்து மட்டும் போதுமென்றால் நூலை மூடிவிட்டு எழுத வேண்டும். அவர் அப்படி எழுதியது இது: ‘மண்ணில் விதை தங்கிவிடுவதால், மரத்தை வெட்டுவதால் மட்டும் சீகை ஒழியாது என்கிறார் ஆசிரியர்.’ இதற்கும் சான்று வேண்டும், குறி வேண்டாம். ஆனால் ‘நூறு’ என்பதைப் ‘பல’ என்றும், ‘தலைநீட்டும்’ என்பதை ‘முளைக்கும்’ என்றும் மாற்றி, வாக்கிய அமைப்பை அப்படியே விட்டால் அது இன்னும் நூலாசிரியரின் வாக்கியம்தான்.

மென்பொருளில் மேற்கோள்களைக் கழித்துக் கணக்கிடும் வசதி உண்டு. மேற்கோள் என்று குறியாலோ உள்தள்ளலாலோ காட்டியிருந்தால்தான் அது கழிக்கும். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்காக, அந்தப் பத்துக்குள் இருக்கும் குறியில்லாத நகல் சொந்த எழுத்தாகிவிடாது.

அப்புறம் அவருடைய குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வேர் அங்கே இருந்தது. ஆறு மாதம் முன்பு எழுதிய குறிப்புகளில் நூலின் வரியும் அவர் வரியும் ஒரே நீல மையில், குறியில்லாமல் கலந்து கிடந்தன. எது யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை. நூல்களை மறுபடி அடுக்கிலிருந்து எடுத்து, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டோம். நான்கு நாள் பிடித்தது. இப்போது அவர் நூலின் சொற்களைப் பச்சை மையில், குறியோடு, பக்க எண்ணோடு எழுதுகிறார்.